ஷிப்ட் மாறும்போது லாகின் மறுக்கப்படுவது குறித்த புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவு, நூற்பாலை, பல்லடம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்

ஐயா,

எங்கள் மில்லில் ரிலீவர்களையும் சேர்த்து 60 பேர் உங்கள் மென்பொருளில் உற்பத்திக் கணக்கைப் பதிகிறார்கள். ஒரு ஷிப்டுக்கு 15 பேர் என்பதால், ஒரே நேரத்தில் 15 பேர் உள்ளே இருக்க விடும் 15 கன்கரண்ட் லைசென்ஸ் போதும் என்று உங்கள் விற்பனையாளர் கணக்குப் போட்டுத் தந்தார். அந்தக் கணக்கில் ஷிப்ட் மாறும் நேரத்தையே விட்டுவிட்டார்.

ஹேங்க் மீட்டர் ரீடிங், கழிவு எடை எல்லாம் ஷிப்ட் முடியும் தறுவாயில்தான் ஏறும். மதியம் 2 மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் 1:50க்கே லாகின் செய்யப் பார்ப்பார்கள். போகிறவர்களோ லாக்அவுட் செய்யாமல் பிரவுசரை மூடிவிட்டுப் போவார்கள். உங்கள் சர்வர் 30 நிமிடம் சும்மா இருந்த பிறகுதான் அந்த இடத்தை விடுவிக்கிறது. அதனால் 2:30 வரை திரையில் `License limit reached` என்றே வருகிறது. போதாக்குறைக்கு, ரிங் பிரேம் பகுதியில் மாட்டிய டிவியின் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், அது ஒரு லைசென்ஸை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கிறது.

இதைச் சொன்னபோது, "ரிப்போர்ட்டில் உச்சம் 15தான், தாண்டவில்லையே" என்று பதில் வந்தது. இது சரியல்ல. வரம்பே 15 என்றால் ரிப்போர்ட் 15க்கு மேல் எப்படிக் காட்டும்? மறுக்கப்பட்ட லாகின்களையும் எண்ணினால்தான் உண்மையான தேவை தெரியும். அதிலும், ஒரே ஆள் பத்து முறை முயன்றால் அதை ஒன்றாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே லாகினைப் பலர் பயன்படுத்தலாம் என்று உங்கள் சப்போர்ட் பிரிவு சொன்ன யோசனையை ஏற்க மாட்டோம். அது உங்கள் ஒப்பந்தத்துக்கே விரோதம். தவறான எடையை யார் பதிந்தார் என்றும் கண்டுபிடிக்க முடியாது. ஊக்கத்தொகை வாங்கும் தொழிலாளிக்கு அது நியாயமில்லை.

60 பேருக்கும் ஆளுக்கு ஒன்றாக நேம்டு யூசர் லைசென்ஸ் வாங்கச் சொல்வதும் அவசர முடிவு. உங்கள் விலைப்பட்டியலில் ஒரு கன்கரண்ட் லைசென்ஸ் இரண்டரை நேம்டு யூசருக்குச் சமம். அப்படியானால் 24 கன்கரண்டும் 60 நேம்டும் ஒரே விலை. உச்சத் தேவை 24க்குக் கீழே இருந்தால் கன்கரண்ட் லாபம்; மேலே போனால் நேம்டு. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலகத்தாருக்கு நேம்டு சரி, அதில் எங்களுக்குக் குறையில்லை.

எனவே, பிரவுசரை மூடினாலே இடம் காலியாகும்படி செய்யுங்கள். உற்பத்தித் தளத்துக் கணினிகளுக்கு மட்டும் காத்திருப்பு நேரத்தை 10 நிமிடமாக்குங்கள். அதற்கு முன் பாதிப் பதிவு தானாகச் சேமிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது அழிந்துபோகும். டிவிக்கு லைசென்ஸ் பிடிக்காத, பார்வைக்கு மட்டுமான கணக்குக் கொடுங்கள்.

இவற்றைச் செய்த பின், மாதக் கடைசியும் உட்படும்படி 30 நாளுக்கு வரம்பைக் கட்டணமின்றி 30 ஆக உயர்த்தி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற பதிவைத் தாருங்கள். சராசரியைப் பார்க்காமல் அதன் உச்சத்தை வைத்து, குறைகிற லைசென்ஸை வாங்கிக்கொள்கிறோம். அதுவரை கூடுதல் லைசென்ஸுக்கான பில்லை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
மேலாளர், கணினிப் பிரிவு