நான் விட்டுவிட்ட எண்ணுக்கே இன்னும் ஓ.டி.பி. போவது குறித்த புகார்

அனுப்புநர்:
பாலிசிதாரர் (பெயர், பாலிசி எண், முகவரி ஆகியவை இணைப்புத் தாளில்),
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர், மலேசியா.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 12.01.2026

பொருள்: வெளிநாடு சென்ற பாலிசிதாரரின் கணக்கு நுழைவு எண் மாற்றப்படாமை, அதனால் பெற்றோரின் மருத்துவ விவரங்கள் பிறர் கைக்குப் போகும் நிலை – உடனடி நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருநெல்வேலியில் வசிக்கும் என் பெற்றோருக்காகத் தங்கள் நிறுவனத்தில் நான் எடுத்துள்ள மருத்துவக் காப்பீட்டின் இணையக் கணக்கிற்குள் கடந்த நவம்பர் மாதத்திலிருந்து என்னால் நுழைய முடியவில்லை. நுழைவதற்கான ஓ.டி.பி. என்னிடம் இருக்கும் மலேசிய எண்ணுக்கு வராமல், நான் கடந்த ஆண்டே விட்டுவிட்ட இந்திய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த எண் இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கிறது. தங்கள் செயலியில் கடவுச்சொல் என்று எதுவும் கிடையாது, ஓ.டி.பி. ஒன்றே சாவி என்பதால், கணக்கிற்கு உரியவன் வெளியே நிற்க, உரிமையில்லாத ஒருவர் நினைத்தால் உள்ளே போகலாம் என்ற நிலையைத் தங்கள் நிறுவனம் உண்டாக்கி வைத்திருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வேலை மாற்றலாகிக் கோலாலம்பூர் வந்த பின், 2025 மார்ச் மாதம், பழைய இந்திய எண் வேலை செய்துகொண்டிருந்தபோதே, செயலியின் சுயவிவரப் பக்கத்தில் கைபேசி எண்ணை +60 என்று தொடங்கும் என் மலேசிய எண்ணாக மாற்றினேன். முதலில் பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு வந்தது, பிறகு புதிய எண்ணுக்கு ஒன்று வந்தது, இரண்டையும் உள்ளிட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘வெரிஃபைடு’ என்று காட்டியது. ‘தங்கள் கைபேசி எண் வெற்றிகரமாக மாற்றப்பட்டது’ என்று தங்களிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது. அதன் நகலை இணைத்துள்ளேன். அதன் பிறகுதான், ஜூன் மாதம், மாதாமாதம் பில் கட்டிவந்த அந்த இந்திய இணைப்பை முடித்துக்கொண்டேன்.

நவம்பரில் கைபேசியை மாற்றிச் செயலியைப் புதிதாக நிறுவியபோது, அது மீண்டும் உள்நுழையச் சொன்னது. என் மலேசிய எண்ணை அங்கே இட வழியே இல்லை. எண் கேட்கும் கட்டத்தின் முன்னால் +91 என்பது அசையாமல் நிற்கிறது. பாலிசி எண்ணைக் கொடுத்து நுழையும் வழியைத் தேர்ந்தெடுத்தால், ஓ.டி.பி. அனுப்பப்பட்ட எண்ணை நட்சத்திரக் குறிகளால் மறைத்துக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டுகிறது. அவை என் பழைய எண்ணின் இலக்கங்கள். காரணம் என்ன என்பதைத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணி ஒருவர் பொறுமையாகத் தேடிப் பார்த்துச் சொன்னார். (அவர் ஒருவர்தான் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.) தங்கள் ஆவணத்தில் ‘தொடர்பு எண்’ என்று ஒரு புலமும் ‘பதிவு எண்’ என்று இன்னொரு புலமும் இருக்கின்றனவாம். சுயவிவரப் பக்கத்தில் மாற்றுவது முதலாவதை மட்டுமே, ஓ.டி.பி. போவது இரண்டாவதற்கு. வாடிக்கையாளரின் திரையில் ஒரே ஒரு எண்தான் தெரிகிறது, மற்றொன்று இருப்பதாகவே தெரியவராது. தொடர்பு எண் மாறிவிட்டது என்பதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டாம்: பிரீமியம் கட்டச் சொல்லும் நினைவூட்டலும் புதிய திட்டங்களுக்கான விளம்பரமும் தவறாமல் என் மலேசிய எண்ணுக்கு வருகின்றன. பணம் கேட்கும்போது நான் எங்கிருக்கிறேன் என்று தெரிந்த நிறுவனத்திற்கு, கதவைத் திறக்கும்போது மட்டும் தெரியாமல் போகிறது.

இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் அப்படியே அழிந்துபோவதில்லை. குறைந்தது 90 நாட்கள் ஒதுக்கி வைத்த பிறகு தொலைபேசி நிறுவனங்கள் அதை வேறொருவருக்கு வழங்கலாம் என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே தெரிவித்திருக்கிறது. ஜூனில் விட்ட எண் செப்டம்பருக்குப் பின் யாருக்கும் போகலாம், போயும்விட்டது. டிசம்பரில் அந்த எண்ணுக்கு நானே அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் திண்டுக்கல் பக்கம் ஒரு கடையில் புது சிம் வாங்கியதாகச் சொன்னார். நான் இன்னார் என்று சொன்னதும், “ஆமா சார், இன்சூரன்ஸ்காரங்க மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, உங்க அப்பா கண் ஆபரேஷன் பணம் பாஸ் ஆயிடுச்சுன்னுகூட வந்துச்சு” என்றார். என் தந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது உண்மை. அவர் பெயரும், கோரிக்கை எண்ணும், அனுமதித்த தொகையும் அந்தக் குறுஞ்செய்தியில் இருந்தன. அந்த மனிதர் நல்லவராக வாய்த்தது என் அதிர்ஷ்டமே தவிர, தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டின் திறமை அல்ல.

இப்படிக் கைமாறும் எண்களைக் கண்டறிய வழியில்லை என்றும் சொல்வதற்கில்லை. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் அரசு ஏற்பாட்டிலேயே வெளியிடப்படுகிறது. அதைப் பயன்படுத்தி அவரவர் வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்த்துச் சுத்தம் செய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. தாங்கள் வங்கி அல்ல என்பதை அறிவேன். ஆனால் நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனம் பணத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைவிடக் குறைவான கவனத்தோடு இருக்கலாம் என்று யாரும் வாதிட மாட்டார்கள்.

தங்கள் சேவை மையம் எனக்குச் சொன்ன மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். முதலாவது, பழைய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருந்திருக்க வேண்டும் என்பது. எண் மாற்றப்பட்டதாகத் தாங்களே எழுத்தில் சொன்ன பிறகு நான் ஏன் அதற்குத் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ரோமிங்கில் இருக்கும் சிம்முக்கு இந்தியக் குறுஞ்செய்தி இங்குள்ள வலைப்பின்னல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அந்த எண் என்னிடம் இருந்த மாதங்களில், சில ஓ.டி.பி.கள் அவற்றின் காலம் முடிந்த பிறகே வந்தன, சில வரவே இல்லை. சிம் பழுதானாலோ தொலைந்தாலோ மாற்று சிம் வாங்க இந்தியாவில் நேரில் அடையாளம் காட்ட வேண்டும். முன்பணக் கட்டண எண்ணாக மாற்றி வைத்தாலும், 90 நாட்கள் பயன்படுத்தாமல் கிடந்தால் துண்டித்துவிட விதி இடம் தருகிறது. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் வாழப்போகும் ஒருவரின் கணக்கை இப்படிப்பட்ட நூலில் கட்டித் தொங்கவிடுவது சரியான ஏற்பாடு ஆகாது.

இரண்டாவது, ‘ஊரில் இருக்கும் உறவினர் யாருடைய எண்ணையாவது கொடுங்கள்’ என்பது. என் அக்காள் மகன் தங்கமானவன்தான். ஆனால் அவன் எண்ணைப் பதிவு செய்தால், பாலிசியில் அவன் பெயர் எங்குமே இல்லாதபோதும், கணக்கைத் திறக்கவும் கோரிக்கை போடவும் வங்கிக் கணக்கு விவரத்தை மாற்றவும் அதிகாரம் அவன் கைபேசிக்குப் போய்விடும். அவனும் நாளை வேலைக்காகத் துபாய் போனால் நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

மூன்றாவது, கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புவது. இதை நான் செய்து முடித்தேன். ஒரு நாள் விடுப்பும் கட்டணமும் ஆயின, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆளை நேரில் சரிபார்க்கும் முறை என்பதால் இந்த மூன்றில் இதை மட்டுமே நான் மதிக்கிறேன். ஆனால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் வியப்பு. தங்கள் அலுவலகக் கணினியிலும் பதிவு எண் புலம் +91 உடன் சரியாகப் பத்து இலக்கங்களை மட்டுமே ஏற்கும் போலிருக்கிறது. என் மலேசிய எண் நாட்டுக் குறியீட்டை விட்டுப் பார்த்தால் ஒன்பது இலக்கம். உள்ளூரில் அழைக்கும்போது முன்னால் இடும் பூச்சியத்தைச் சேர்த்துப் பத்தாக்கி, +91 0 என்று தொடங்கும் ஓர் எண்ணை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியக் கைபேசி எண் எதுவும் பூச்சியத்தில் தொடங்குவதில்லை. 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில்தான் தொடங்கும். கணினி அதை நிராகரித்துவிட்டுப் பழைய எண்ணையே வைத்துக்கொண்டது, எனக்கோ ‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்தது.

கைபேசி எண்ணை நம்பாமல் கணக்கைக் காக்கும் முறை புதிதல்ல. கைபேசியில் ஒரு குறியீட்டுச் செயலியை வைத்து, கணக்கிலிருந்து ஒரு ரகசியச் சாவியை ஒருமுறை அதில் ஏற்றிவிட்டால், அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கக் குறியீட்டை அது தானே கணக்கிட்டுத் தரும். இதற்கான பொது விதிமுறை 2011இலேயே வெளியாகிவிட்டது. குறுஞ்செய்தியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், எந்த நாட்டு சிம் உள்ளே இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. கைபேசி தொலைந்தால் சிக்கல் வரும் என்பது உண்மை. அதற்காகத்தான் ஒருமுறை மட்டும் செல்லும் மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளத் தருகிறார்கள். நான் இப்போது வாழும் மலேசியாவில், குறுஞ்செய்தி ஓ.டி.பி.யை விட்டு வலுவான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரிலேயே இந்நாட்டு மத்திய வங்கி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

என் கோரிக்கைகள் இவை. முதலில், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பழைய எண்ணுக்கு ஓ.டி.பி.யும் சிகிச்சைச் செலவுக் கோரிக்கை விவரங்களும் போவதை நிறுத்துங்கள். மற்றவை ஒரு வாரம் தாமதித்தாலும் பொறுப்பேன், இதில் பொறுக்க முடியாது. அடுத்து, சான்றொப்பத்துடன் தங்களிடம் ஏற்கெனவே உள்ள விண்ணப்பத்தின் பேரில் பதிவு எண்ணை +60 எண்ணாக மாற்றுங்கள். அதைக் கணினி ஏற்காது என்றால், அது ஏற்கும் நாள் வரை என் மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. அனுப்புங்கள். 2025 செப்டம்பர் முதல் என் கணக்கில் நடந்த எல்லா உள்நுழைவுகளின் நாள், நேரம், சாதனம், இணைய முகவரி ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள். பாலிசி பிப்ரவரி 27 அன்று முடிகிறது. உள்நுழையாமல் பிரீமியம் கட்டும் இணைப்பு ஒன்றை அதற்கு முன் அனுப்புங்கள். 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறதே என்று தங்கள் ஊழியர் சொன்னார். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பாலிசியில் அந்த இடைவெளியில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் காப்பீடு செல்லாது என்பதை அவர் சொல்லவில்லை. என் தாய்க்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்பு விதிகள் மருத்துவ வரலாற்றை உணர்வுமிக்க தனிப்பட்ட தகவலாக வகைப்படுத்துகின்றன. தவறான விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையை அவை தகவலுக்கு உரியவருக்குத் தருகின்றன, குறைதீர்ப்பு அலுவலர் ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த ஒரு மாதத்திற்குள் நிறைவான பதில் வராவிட்டால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்பவும். தொலைபேசியில் அழைப்பதானால் +60 எண்ணுக்கு மட்டும் அழைக்கவும்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: எண் மாற்றத்தை உறுதிசெய்த 2025 மார்ச் மின்னஞ்சல், சான்றொப்பமிட்ட விண்ணப்பத்தின் நகல், ‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்ற மின்னஞ்சல், பழைய எண்ணின் இறுதி இலக்கங்களைக் காட்டும் உள்நுழைவுத் திரையின் படம்.