நன்றி மடல்: ‘பத்தாவது கேள்வி’ குறும்படத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

படம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம். டைட்டிலில் பேர் வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் என்ன செய்தீர்கள் என்பதையாவது பேர் சொல்லாமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் மலர். குழந்தை பிறந்து ஆறாவது வாரம். பத்தியச் சாப்பாடு, பிள்ளை மருந்து, தூளி, வந்து போகும் சொந்தக்காரர்கள் என்று வீடு நிறைந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் எதிலும் பிடிப்பில்லை. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. ‘நான் இல்லேன்னா இவங்களுக்கு நிம்மதி’ என்று ஒரு நினைப்பு வந்து வந்து போகிறது.

முதல் வரைவில் இதைக் காட்ட ஓர் இரவுக் காட்சி இருந்தது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. படத்திலும் அது இல்லை. அதை நீக்கச் சொன்ன மனநல மருத்துவருக்குத்தான் முதல் நன்றி. ‘இடம், வழி, பொருள் எதையும் காட்டாதீங்க, ஏற்கெனவே அந்த நினைப்போட உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது வழி சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆகிடும்’ என்றார். திரைப்படம் எடுப்பவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேட்டிலும் இதே எச்சரிக்கை உண்டு. ஒருவர் நெருக்கடியில் உதவி கேட்டு மீண்டு வருவதைக் காட்டினால் பார்ப்பவருக்கு அது துணையாக இருக்கலாம் என்றும் எடுத்துச் சொன்னார். அப்புறம்தான் கதையின் உச்சம் இரவிலிருந்து பகலுக்கு, ஒரு திண்ணைக்கு வந்தது.

மலருக்குக் குரல் கேட்பதாகவும் அந்த வரைவில் இருந்தது. குழந்தை பிறந்த சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். அதைத் தாண்டி நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம், பார்க்க வேண்டும். இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது எல்லாம் வேறு நோய். ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்குத்தான் வரும், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் குழப்பினால், மனச்சோர்வு உள்ள பெண் ‘எனக்குக் குரலெல்லாம் கேட்கலையே, அப்போ எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சும்மா இருந்துவிடுவாள் என்றார் மருத்துவர். குரல் போனது.

அடுத்து எங்கள் நர்சம்மா. பிள்ளை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்குமோ என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் முப்பது. நோய் இது என்று அது முடிவு சொல்லாது, யாரை டாக்டர் பார்க்க வேண்டும் என்று காட்டும். சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையாக எதிர்பார்த்தாயா என்று இலேசாகத் தொடங்கும். பத்தாவது கேள்வி, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

காட்சிக்காக மலருக்கு 26 மதிப்பெண் போட்டிருந்தேன். நர்சம்மாவும் மருத்துவரும் உட்கார்ந்து அதை 11 ஆக்கினார்கள். அளவுகோலை உருவாக்கியவர்கள் சொன்ன எல்லை 13. சில இடங்களில் இன்னும் குறைத்து வைப்பார்கள். 13 என்று வைத்துப் பார்த்தால் மலர் தப்பித்துவிடுவாள். ஆனால் பத்தாவது கேள்விக்கு அவள் ‘எப்பவாவது’ என்கிறாள். அதற்கு ஒரே ஒரு மதிப்பெண்தான். கூட்டுத்தொகை எதுவானாலும் அந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது. படமே அந்த ஒரு மதிப்பெண்ணில் நிற்கிறது. 26 என்றால் பார்ப்பவர்கள் ‘அது யாருக்கோ’ என்று நினைத்துவிடுவார்கள்.

அந்தக் காட்சியை நர்சம்மா நடித்தே காட்டினார். கேள்வி கேட்டால் பதில் மகளிடமிருந்து வராதாம், அம்மாதான் முந்திக்கொள்வாராம். அதனால் முதலில் அம்மாவை அனுப்ப வேண்டும். எழுத்தில் இப்படி வந்தது:

நர்ஸ்: கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் குடுங்கம்மா, தொண்டை கட்டியிருக்கு.
(அம்மா உள்ளே போகிறார்.)
நர்ஸ்: இது எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான் மலர். உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுச்சா?
(மலர் தூளியைப் பார்க்கிறாள்.)
மலர்: எப்பவாவது.
நர்ஸ்: சரி. சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப தோணுதா?

கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் படக்குழுவில் எல்லோருக்கும் இருந்தது. அப்படி ஆகாது, நேராகக் கேட்பதால் ஆள் இலேசாகத்தான் ஆவார் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் அந்த வசனம் நின்றது. ‘குழந்தை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்’ என்று நர்ஸ் ஆறுதல் சொல்லும் வரி ஒன்று இருந்தது. நர்சம்மாவே பேனாவை வாங்கி அடித்துவிட்டார். அதற்குப் பதில், மலரிடம் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, ‘இன்னைக்கு இவளைத் தனியா விடாதீங்க, சாயங்காலமே டாக்டரைப் பாக்கப் போறோம்’ என்கிறார்.

தங்கள் அனுபவத்தைச் சொல்ல முன்வந்த இரண்டு தாய்மாருக்கு என்ன சொல்ல. மாமியார் வில்லியாக இருந்த வரைவைப் படித்துவிட்டு உங்களில் ஒருவர், ‘இப்படி எடுத்தா எங்க மாமியார் ரெண்டாவது நிமிஷமே எழுந்து போயிடுவாங்க, அவங்கதான் பாக்கணும்’ என்றீர்கள். இப்போது இரவில் ஒரு பாலூட்டலை மாமியார் ஏற்றுக்கொள்கிறார், பிழிந்து வைத்த பாலை அவர் கொடுக்க, மலருக்கு ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூக்கம். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடைசிக் காட்சி டாக்டரைப் பார்த்த மறுநாள் நடக்கவில்லை, மூன்று வாரம் கழித்து நடக்கிறது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். மறுநாளே மலர் சிரித்தால், வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெண் ஏமாந்து நிறுத்திவிடுவாள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார் என்பதும் ஒரு வரியாக அங்கே வருகிறது. மலராக நடித்தவர் அந்தக் காட்சியில் முழுதாகச் சிரிக்க மறுத்தார். மலர் தானே தலை வாரி முடிப்பது போதும் என்றார். போதுமாகத்தான் இருந்தது.

ஒலிப்பதிவாளருக்குத் தனி நன்றி. குழந்தை அழுகையைத் தொடர்ந்து வைத்தால் அண்மையில் பெற்றவர்களால் உட்கார முடியாது என்று அதை மூன்றே இடத்தில், அதுவும் அடுத்த அறையிலிருந்து கேட்பதாக வைத்தார். மற்ற நேரம் தூளியின் ஸ்பிரிங் கிறீச்சிடுவது மட்டும். துண்டில் சுற்றிய பொம்மை பச்சைக் குழந்தையாக நம்பப்பட்டதற்கும் அந்தச் சத்தமே காரணம்.

எடிட்டருக்கும் எனக்கும் நடந்த ஒரே சண்டை, மனநல உதவி எண் வரும் கடைசி அட்டையைப் பற்றி. நான்கு விநாடி போதும் என்றார். ஆனால் போனை எடுத்து எண்ணை எழுதிக்கொள்ள அது போதாது. இப்போது பன்னிரண்டு விநாடி நிற்கிறது, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக நர்சம்மாவின் குரலும் உண்டு: டெலி மானஸ், 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

முதல் திரையிடல் நர்சம்மாவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும் நாளில். கணவர்களையும் மாமியார்களையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் மருத்துவர் அங்கேயே இருப்பார். திரையும் ஸ்பீக்கரும் கொண்டுவருவதாகச் சொன்னவர்கள் காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள், மின்விசிறிக்குக் கீழே உள்ள பிளக் வேலை செய்யாது, நீளமான வயர் வேண்டும்.

நன்றியுடன்,
எழுதி இயக்கியவள்