மரவள்ளிக்கு டன் விலை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். விவசாயிகள் புரோக்கரை விட்டுவிட்டு நேரடியாக ஆலைக்கே விற்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போடுகிறவன் நான். நேரடியாக விற்றும் பார்த்துவிட்டேன். முதல் வருடம் புரோக்கர் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. காரணம் ஆலையில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

ஜவ்வரிசி ஆலைக்காரர் கிழங்கின் எடைக்குப் பணம் தருவதில்லை, அதிலுள்ள மாவுக்குத்தான் தருகிறார். அந்த மாவின் அளவைத்தான் 'பாயிண்ட்' என்கிறோம். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று பேசினால், 28 பாயிண்ட் கிழங்குக்கு டன்னுக்கு 8,400 ரூபாய் வரும். அதே கிழங்கை 26 என்று போட்டால் 7,800 ரூபாய்தான். 12 டன் லோடில் 7,200 ரூபாய் போய்விடும். எனக்குப் போனது அப்படித்தான். 28 வரும் என்று நானாக நினைத்துக்கொண்டு 12 டன்னையும் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டேன். ஆலையில் 26 என்றார்கள். பேச்சே இல்லை, ஏனென்றால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு விழுந்து கெட்டுப்போகும். லாரியைத் திருப்பி எங்கே கொண்டுபோவது?

அன்று ஆலையில் என்ன செய்கிறார்கள் என்று நின்று கவனித்தேன். மாதிரிக் கிழங்கைக் கழுவி எடை போட்டு, அப்புறம் தண்ணீரில் மூழ்க வைத்து மறுபடி எடை போடுகிறார்கள். மாவு தண்ணீரைவிடக் கனம் என்பதால், மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். அவ்வளவுதான் சூட்சுமம். இதை வீட்டிலேயே செய்யலாம். வயலில் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கி, மண் போகக் கழுவி, தண்டுப்பக்கக் கட்டையை வெட்டிவிட்டுச் சரியாக 5 கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கூடையில் போட்டு, தொங்கும் தராசில் மாட்டி, தண்ணீர் டிரம்முக்குள் முழுதாக மூழ்கவிட வேண்டும். கூடை டிரம்மைத் தொடக்கூடாது. வெறும் கூடை தண்ணீரில் காட்டும் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருடம் என் கிழங்கு தண்ணீரில் 560 கிராம் காட்டியது, ஆலைச் சீட்டில் 28 என்று வந்தது. அதற்கும் அடுத்த வருடம் அறுவடைக்கு முன் நல்ல மழை. செடி புதுத் துளிர் விட்டதும் பார்த்தால் 490 கிராம்தான் இருந்தது. துளிர் விடக் கிழங்கிலிருக்கும் மாவைத்தான் செடி எடுத்துக்கொள்கிறது. பிடுங்கவில்லை, ஒரு மாதம் காத்திருந்தேன், எடை ஏறியது. என் கிராமும் ஆலையின் பாயிண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், எந்த ஆலை எப்படிப் போடுகிறது என்பது இரண்டு மூன்று லோடில் தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் பிடுங்கும் முன்பே மாதிரியோடு ஆலைக்குப் போய்விடுகிறேன். பாயிண்ட் விலை எவ்வளவு, மண்ணுக்கு டன்னுக்கு எத்தனை கிலோ கழிவு, பணம் எத்தனை நாளில் என்று மூன்றையும் பேசி முடித்த பிறகுதான் ஆள் கூப்பிடுவது. ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேலம் சேகோசர்வில் அந்த வாரம் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துக்கொண்டு போனால், பேச்சு ஒரு பக்கமாகச் சாயாது.

அரை ஏக்கர்காரர்களுக்கு ஒரு லோடு சேராது, அவர்கள் அக்கம்பக்கத்தில் சேர்ந்துதான் அனுப்ப வேண்டியிருக்கிறது. நாங்களும் செய்தோம், சண்டையும் வந்தது. ஒரே லாரியில் என் பத்து மாதக் கிழங்கும் பக்கத்துக்காரரின் எட்டு மாதக் கிழங்கும் போனால், இரண்டுக்கும் ஒரே பாயிண்ட்தான் விழும். ஒரே ரகம், ஒரே வயது உள்ளவர்களாகச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பிடுங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவர் எடையையும் பார்த்து, அதன்படி பணத்தைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும்.

புரோக்கரையும் முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆள், லாரி, கையில் ரொக்கம் மூன்றையும் அவர்தான் கொண்டுவருகிறார். ஆலைப் பணத்துக்கு நான் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். கல்யாணமோ கடன் தவணையோ நெருக்கும் வருடத்தில் அவரிடமே கொடுத்துவிடுகிறேன். பாயிண்ட் தெரிந்து கொடுப்பதால் அவரும் இப்போது பார்த்துத்தான் விலை சொல்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விலை நிலவரப் பக்கத்தில் 'மரவள்ளி டன்' என்று ஒரே ஒரு எண் போடுகிறீர்கள். அது ஆலைக்குப் போன கிழங்கா, சிப்ஸ் போடப் போன கிழங்கா, ஆலை விலை என்றால் எத்தனை பாயிண்டுக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி ஒருவர்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.