செலாமாட் ஜாலான் யார் சொல்வது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாயிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மேலத்தெருப் பையன் வியாழக்கிழமை பினாங்கு வருகிறான். அவனிடம் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாயாமே. நைட் ஷிஃப்ட்டுக்குள் போகும்போது "செலாமாட் மாலாம்" என்றாய், லைனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காலையில் கிளம்பும்போது "செலாமாட் திங்கால்" என்றாய், ஒரு வயதான அக்கா முகம் மாறி, வேலையை விடுகிறாயா என்று கேட்டார். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈப்போவில் 11 வருஷம் கடையில் நின்றவன் வீட்டில் இருக்கும்போது, இதை நீ என்னிடமே கேட்டிருக்கலாம். சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

செலாமாட் என்பது அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். சேதம் இல்லாமல், பத்திரமாக என்று பொருள். ஆபத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதற்கும் இதே சொல்லை வைத்துத்தான் சொல்வார்கள். அதன் பின்னால் பொழுதைச் சேர்த்தால், அந்தப் பொழுது உனக்கு நல்லபடியாக இருக்கட்டும் என்று ஆகிறது. பாகி என்றால் காலை. இதை நம் எழுத்தில் பார்த்து "பாஹி" என்று வாசிக்காதே. கங்கை என்னும்போது இரண்டாவதாக வருகிற அந்த அழுத்தமான ஒலி வேண்டும். செலாமாட்டின் கடைசி எழுத்தை வெடித்துச் சொல்லாமல் நாக்கை வைத்து அப்படியே நிறுத்திவிடு. முதல் எழுத்தும் பாதிதான் கேட்க வேண்டும்.

பாகி நண்பகல் வரை. 12 மணியிலிருந்து 2 மணி வரை செலாமாட் தெங்கா ஹாரி. தெங்கா என்றால் நடு, ஹாரி என்றால் நாள். 2 மணிக்கு மேல் செலாமாட் பெத்தாங். உன் லைனில் இந்தோனேசியப் பெண்கள் இருந்தால், நடுப்பகலுக்கு சியாங் என்றும் அதற்கு மேல் சோரே என்றும் சொல்வார்கள். அது அவர்கள் ஊர் வழக்கம். நீ தெங்கா ஹாரி, பெத்தாங் என்றே சொல்.

நீ தடுமாறியது பெத்தாங் முடிகிற இடத்தில். நானும் முதல் மாசம் அங்கேதான் தடுமாறினேன். நமக்கு ஆறு, ஆறரைக்கு விளக்கு வைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கடிகாரம் 6:30 காட்டியதும் இரவு வந்துவிட்டது போல எனக்கு இருக்கும். வெளியே பார்த்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடைக்கு ஒரு பாக்சிக் வருவார், நாம் மாமா என்பது போல அங்கே பெரியவர்களை அப்படிக் கூப்பிடுவார்கள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் காரணம் சொன்னார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிவிட்டார்களாம். அதனால் அங்கே பொழுது சாய ஏழாகும், சில மாதங்களில் ஏழரைகூட ஆகும். வெளிச்சம் இருக்கும்வரை பெத்தாங்தான். நீ 7 மணி ஷிஃப்ட்டுக்குள் போகும்போது பெரும்பாலும் பெத்தாங்கே பொருந்தும்.

மாலாம் என்றால் இரவு. மேடையில் பேசுகிறவர்கள் செலாமாட் மாலாம் என்று ஆரம்பிப்பதுண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் பேசும்போது அது பிரிகிற நேரத்துச் சொல், போய்த் தூங்கு என்பது மாதிரி. நீ அப்போதுதான் உள்ளே வருகிறாய், வந்ததும் எல்லோரையும் படுக்கப் போகச் சொன்னது போல ஆகிவிட்டது. அதற்குத்தான் சிரித்திருப்பார்கள், வேறு எதற்கும் இல்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே. இருட்டிய பிறகு போனால் "அப்பா காபார்" என்று கேள். சாப்பிடுகிற நேரமாக இருந்தால் "சுடா மாக்கான்?" என்று கேட்கலாம். நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதேதான். அங்கேயும் அதற்கு நலம் விசாரிப்பு என்றுதான் பொருள்.

மலாய்க்காரர்கள் தங்களுக்குள் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லிவிட்டு உன்னிடம் மட்டும் செலாமாட் பாகி சொன்னால், ஒதுக்குகிறார்கள் என்று நினைக்காதே. அது மரியாதை. நீயும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

இப்போது திங்காலுக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படி. புதிதாகப் பார்க்கிறவர்கள் "திங்கால் டி மானா?" என்று கேட்டிருப்பார்களே, எங்கே தங்கியிருக்கிறாய் என்று. திங்கால் என்றால் தங்குவது. ஜாலான் என்றால் சாலை, நடப்பது. உன் தெருப் பலகையிலேயே எழுதியிருக்கும். ஆகவே செலாமாட் திங்கால் என்பது போகிறவன் இருக்கிறவர்களுக்குச் சொல்வது, பத்திரமாக இருங்கள் என்று. செலாமாட் ஜாலான் என்பது இருக்கிறவன் போகிறவனுக்குச் சொல்வது, பத்திரமாகப் போய் வா என்று. சொல்கிறவன் எங்கே போகிறான் என்று பார்க்காதே, எதிரில் நிற்கிறவர் தங்கப் போகிறாரா, கிளம்புகிறாரா என்று பார். இரண்டு பேருமே கிளம்புகிறீர்கள் என்றால் இருவரும் ஜாலான் சொல்லிக்கொள்ளலாம்.

உனக்கு இதில் தப்பு இல்லை. நீ கிளம்பினாய், திங்கால் சொன்னாய், இலக்கணப்படி சரி. இந்த வித்தியாசத்தை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாயே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் தினம் வேலை முடிந்து போகிறவன் செலாமாட் திங்கால் சொல்வதில்லை. அது ஊரை விட்டுப் போகிறவன், நெடுநாள் திரும்பாதவன் சொல்வது போலக் கனமாகக் கேட்கும். அந்த அக்கா பயந்தது அதனால்தான். அப்பாயி முன்னால் "போறேன்" என்று சொல்லிவிட்டு எவனாவது வாசல் தாண்ட முடியுமா? "போயிட்டு வரேன்" என்று சொல்ல வைத்துத்தானே விடுவாள். அதே மாதிரி நினைத்துக்கொள். தினமும் கிளம்பும்போது "பாலிக் டுலு" என்று சொல். இப்போதைக்கு வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று அர்த்தம். இல்லையென்றால் "ஜும்பா லாகி", மறுபடி பார்ப்போம். யாராவது பைக் எடுத்துக்கொண்டு கிளம்பினால் "ஹாத்தி ஹாத்தி" என்று சொல், பார்த்துப் போங்கள் என்பது. திங்காலை எடுத்து வைத்துவிடு. போகிறவன் திங்கால், இருக்கிறவன் ஜாலான். மாற்றிவிடாதே.

வேலையை விடுகிற எண்ணம் ஒன்றும் இல்லையே? அந்த அக்கா கேட்டதாலேயே கேட்கிறேன். இருந்தால் அம்மாவிடமாவது சொல். ராத்திரி வேலைக்கு உடம்பு பழக இரண்டு மூன்று மாசம் ஆகும். பகலில் ஜன்னலுக்குத் துணி போட்டுத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா காபார் என்று மேலே எழுதினேன். அப்பா என்றால் அங்கே என்ன என்று பொருள், காபார் என்றால் சேதி. 2002இல் நான் ஈப்போ போனபோது உனக்கு நாலு வயது. கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அப்பா காபார், அப்பா காபார் என்பார்கள். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பினேன், விழித்தால் அழுவாய் என்று. காலையில் எழுந்து என் சட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாயாம், அம்மா பிறகு சொன்னாள். ஒவ்வொரு தடவை லீவு முடிந்து போகும்போதும் அதையேதான் செய்தேன். நான் எப்போதும் போகிறவனாக இருந்தேன் தம்பி. இருக்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீ கிளம்பிய அன்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது, ஆள் வருகிறான், ஏர்போர்ட்டுக்கு வர முடியாது என்றேனே. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. நீங்கள் திருச்சிக்குக் கார் ஏறியது ஷெட்டிலிருந்து தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ போகக் கூடாது என்று நான் சண்டை போட்டதை நினைத்துத்தான் வரவில்லை என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது இல்லை. வாசலில் நின்று அனுப்பி வைக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கும் இது தெரியாது. நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

ஜாலான் வாசலில் சொல்ல வேண்டிய சொல். நீ போய்ச் சேர்ந்து மூன்று மாசம் ஆகிவிட்டது, இப்போது அதைச் சொன்னால் பொருந்தாது. இப்போது நான் கேட்க வேண்டியது "செலாமாட் சம்பாய்?" என்பது, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று. அன்றைக்கு நீ வந்து சேர்ந்த செய்தியை அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாய். அவள் போனை வாங்கி நான் இரண்டு தடவை பார்த்தேன்.

எனக்கு ஒன்று அனுப்பு. பெரிதாக எழுத வேண்டாம், "சுடா சம்பாய்" என்று இரண்டு சொல் போதும். ஷிஃப்ட் இல்லாத நாளில் எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. உனக்கு 11:30 என்றால் இங்கே 9தான், விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

பொடி டப்பாவின் மூடி கொஞ்சம் இறுக்கம், பார்த்துத் திற.

அன்புடன்,
அப்பா