ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு ஒரு மடல்: மஸ்டரிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்

அன்புள்ள சூப்பர்வைசர்களுக்கு,

வணக்கம். கோவையில் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசராகப் பல வருடம் இருந்தவன் நான். ஒரு நாள் காலை ஷிப்டில் ஒரு லேத் ஆபரேட்டருக்குக் கை நடுங்கியது, நாக்கு குழறியது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "ராத்திரி ஏத்தினது இன்னும் இறங்கலையா?" என்று கேட்டார். பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர் சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்திருக்கிறார், சர்க்கரை இறங்கிவிட்டது. அடுத்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் குடிக்கிறாரா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அது டாக்டரின் வேலை. உங்கள் கண்ணில் படுவது வேலை மட்டும்தான், அதுவே போதும். இன்னொரு ஆபரேட்டர் விஷயத்தில் எங்கள் இளம் சூப்பர்வைசர் ஒருவர் இதைச் சரியாகச் செய்தார். அந்த ஆபரேட்டர் பதினோரு வருடம் சுத்தமாக வேலை பார்த்தவர். மஸ்டரைப் புரட்டினால் பத்து வாரத்தில் ஐந்து திங்கட்கிழமை லீவு. ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரில் போர் சைஸ் தவறியது பெரும்பாலும் ஷிப்டின் முதல் ஒரு மணி நேரத்தில்தான். வாடை அடித்தது என்று யாரோ சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தார். அதோடு, அதே லைனில் இருக்கும் மற்றவர்களின் லீவையும் ரிஜெக்‌ஷனையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே அளவு தவறுகிற இன்னொருவரை விட்டுவிட்டு இவரை மட்டும் கூப்பிட்டால் அது நியாயமாகாது.

முதல் ஒரு மணி நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டு முழுக்க இறங்க ஏறக்குறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவு பதினொன்றுக்குக் குடித்து முடித்தவர் ஆறு மணி ஷிப்டுக்கு வரும்போது ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். "நான் டியூட்டியில குடிக்கிறதே இல்லை" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஆபரேட்டர் சைஸ் தவறவிட்ட நாளில் சூப்பர்வைசர் பேச்சை வைக்கவில்லை, ஆபரேட்டர் நிதானமாக இருந்த ஒரு நாளில் வைத்தார். கண்ணாடி கேபினில் உட்கார்ந்தால் மொத்த ஷாப்புக்கும் தெரியும் என்று ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். "அண்ணே, ரெண்டு மாசத்துல அஞ்சு திங்கக்கிழமை வரலைங்க. போன வாரம் மூணு தடவை சைஸ் தப்பிருச்சு. உங்ககிட்ட இப்படி நான் பாத்ததே இல்லை. என்ன விஷயம்னு சொல்றீங்களா?" அவ்வளவுதான். அப்புறம் பேசாமல் இருந்தார்.

வீட்டில் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றார் ஆபரேட்டர். சூப்பர்வைசர் மறுக்கவில்லை, வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்கவும் இல்லை. "சரிங்கண்ணே. வேலை மட்டும் பழையபடி ஆகணும். எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட பேசுங்க, அங்க பேசறது எங்களுக்கு வராது. மூணு வாரம் கழிச்சு மறுபடி உக்காருவோம்" என்றார். இதைச் சொல்லும் முன் டாக்டரிடம் அதை உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தார். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் முறை உட்கார்ந்தபோது அவரே சொன்னார்: "காலையில ஒரு கட்டிங் போடலைன்னா கை நிக்க மாட்டேங்குது." இந்த இடத்தில் நல்ல மனசோடு பலர் செய்கிற தவறு, "இன்னிக்கே நிறுத்திருங்க" என்று சத்தியம் வாங்குவது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் புத்தி தடுமாறலாம். உயிரே போகலாம். மருத்துவமனை மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவரை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் அனுப்பினோம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும் கொடுத்தோம். லைனில் கேட்டவர்களுக்கு "உடம்பு சரியில்லை, லீவு" என்பதே பதில். ஃபைலிலும் தேதிகள் மட்டும்தான் இருந்தன, குடி என்ற சொல் ஏறவில்லை.

ஒருவர் தள்ளாடிக்கொண்டே வந்துவிட்டால் கதை வேறு. அந்த நிமிடமே மெஷினிலிருந்து இறக்குங்கள், முதலில் டாக்டரைப் பார்க்க வையுங்கள், சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். பைக்கை ஓட்ட விடாமல் துணைக்கு ஆள் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். போதையில் வேலைக்கு வருவது நிலையாணைப்படி ஒழுங்கீனம்தான், விசாரணை நடக்கட்டும். அது நடக்க வேண்டியது மறுநாள், அவர் தெளிந்த பிறகு.

அந்த ஆபரேட்டர் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வந்தார். நான்கு மாதம் கழித்து ஒரு முறை சறுக்கினார். அன்று காலை ஐந்தரை மணிக்கு சூப்பர்வைசருக்குப் போன் வந்தது: "தம்பி, நேத்து தப்பு பண்ணிட்டேன். இன்னிக்கு மெஷின்ல நிக்க வேண்டாம்னு பாக்கறேன்."

அன்புடன்,
ஓய்வுபெற்ற வெல்ஃபேர் ஆபீசர்