பழைய வினாத்தாள் தேடுவோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நேற்று இங்கே பகிரப்பட்ட வினாத்தாள் இணைப்பை நீக்கிவிட்டேன். அதைத் திறந்தால், குரோம் பிரவுசரில் ஒரு கூடுதல் நிரலைச் சேர்க்கச் சொல்லி, “இந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால்தான் கோப்பு தெரியும்” என்கிறது.

கேள்வி: சேர்த்தால் என்ன?

பதில்: பி.டி.எஃப். கோப்பைத் திறக்க குரோமுக்கு எதுவும் தேவையில்லை. அந்த வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அந்தத் தளம் சொல்லும் காரணமே பொய். சேர்க்கும்போது வரும் சிறு பெட்டியைப் படியுங்கள்: “Read and change all your data on all websites”. வினாத்தாள் பக்கம் மட்டுமல்ல, நீங்கள் திறக்கும் மின்னஞ்சல், வங்கிப் பக்கம், அங்கே தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அது பார்க்கலாம், மாற்றலாம். அந்தத் தளத்தை மூடிய பிறகும் எக்ஸ்டென்ஷன் இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: குரோம் வெப் ஸ்டோரில்தானே இருக்கிறது?

பதில்: அங்கிருந்தும் தீய எக்ஸ்டென்ஷன்கள் பலமுறை நீக்கப்பட்டிருக்கின்றன. நல்லதாக இருந்தது விற்கப்பட்டு, அடுத்த அப்டேட்டில் கெட்டுப்போனதும் உண்டு.

கேள்வி: ஏற்கெனவே சேர்த்துவிட்டேன்.

பதில்: தயங்காமல் சொன்னதற்கு நன்றி. `chrome://extensions` பக்கத்தில் அதை நீக்குங்கள். பிறகு வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் சாவி அதில்தான் இருக்கிறது.

இதுபோன்ற தளம் ‘ஆப்’ என்று சொல்லி ஏ.பி.கே. கோப்பைத் தந்தாலும் நிறுவ வேண்டாம்.