பெல்ட்டா, செயினா, டர்போவா: பழைய கார் வாங்கும் முன் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் தொலைபேசியில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அந்த வண்டியில் டைமிங் பெல்ட்டா, செயினா?" செயின் என்று சொன்னால் மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு. பெல்ட் என்றால், "அப்படியானால் வேறு பார்க்கலாமா?" இரண்டுமே அவசர முடிவுகள். எங்களைக் கேட்டால், பெல்ட் என்பது தேதி தெரிந்த கடன். செயினிலோ முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் உங்கள் தலையில் விழலாம்; எவ்வளவு என்பது அவர் ஆயிலை எப்படி மாற்றினார் என்பதைப் பொறுத்தது.

இரண்டின் வேலையும் ஒன்றுதான். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த இணைப்பு அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ, நம் ஊரில் ஓடும் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

பெல்ட் ரப்பரால் ஆனது, உள்ளே கண்ணாடி இழை. பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் ஆகியவை பெல்ட் வண்டிகள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லி வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். குறைவாக ஓடிய வண்டி என்று ஆண்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள். நின்ற இடத்திலும் ரப்பர் முதுமையடைகிறது. மாற்றும்போது பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் பேரிங், பெல்ட்டே சுழற்றும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து மாற்றுவோம். பம்பின் பேரிங் இறுகினால் நேற்றுப் போட்ட புது பெல்ட்டும் அறுந்துவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னோவாவில் பெல்ட் மாற்றும் தூரம் வந்ததும் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலேயே அதை அணைக்க முடியும் என்பதால் அந்த விளக்கை நம்பி விலை பேச வேண்டாம்.

செயினுக்கு இப்படித் தேதி குறித்திருக்காது. அதனால்தான் அது வண்டியின் ஆயுளுக்கும் வரும் என்ற பேச்சு. சரியான நேரத்தில் ஆயில் மாற்றிய வண்டியில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இயங்குவதே ஆயில் அழுத்தத்தில்தான். ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கும் சிறு ஊசி உராயாமல் காப்பதும் ஆயில்தான். ஆயில் கெட்டால் அந்த ஊசிகள் தேயும். செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது இரும்பு இழுபட்டதால் அல்ல, இந்தத் தேய்மானத்தால். நூறு இணைப்புகளில் ஒவ்வொன்றும் 0.03 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 3 மில்லிமீட்டர். வால்வு நேரம் பிசகுவதற்கு அது போதும்.

சென்ற மழைக்காலத்தில் கிணத்துக்கடவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் சிறிய டர்போ டீசல் கார் ஒன்றை, விற்பவரோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2015ஆம் ஆண்டு வண்டி, 92,000 கிலோமீட்டர், செயின் இன்ஜின். அரை மணி நேரம் ஓடி வந்த சூட்டில் சத்தமே இல்லை. இரவு இங்கேயே நிற்கட்டும் என்றோம். விற்பவர் சற்றுத் தயங்கித்தான் சம்மதித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பியதும் மூன்று நான்கு விநாடிகள், தளர்ந்த சைக்கிள் செயின் கவரில் உரசுவதுபோல ஒரு கரகரப்பு, பிறகு அடங்கிவிட்டது. இரவில் டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்து, காலையில் மறுபடி அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கும் சத்தம் அது. இன்ஜின் சூடாக இருக்கும்போது இதைக் கேட்கவே முடியாது.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டோம். பிழை எதுவும் இல்லை. கேம் தண்டும் கிராங்க் தண்டும் ஒத்துப்போகாதபோது வரும் P0016 கூட இல்லை. ஆனால் அதே ஸ்கேனரில், பிழைகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் என்று ஒரு வரி உண்டு. அதில் 38 கிலோமீட்டர் என்று இருந்தது. யாரோ முந்தைய நாள்தான் துடைத்திருக்கிறார்கள். எதைத் துடைத்தார்கள் என்று ஸ்கேனர் சொல்லாது. அந்தக் கரகரப்பைக் கேட்ட பிறகு நாங்களும் விற்பவரிடம் விசாரிக்கவில்லை.

பில்களை மேசையில் வரிசையாக அடுக்கினோம். 10,000, 20,000, 31,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியிருந்தார்கள். அடுத்த பில் 58,000. நடுவில் 27,000 கிலோமீட்டர் ஒரே ஆயிலில் ஓடியிருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் வண்டிமை போலக் கெட்டியான பசை. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு, நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பசைதான் கெட்ட அறிகுறி.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் கதையும் இந்த ஆயிலோடு சேர்ந்ததுதான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் பென்சில் தடிமன்கூட இருக்காது. அதில் கரி படிந்தால் தண்டு பட்டினி கிடக்கும். அந்த வண்டியில் காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில் லேசாக அசைந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னும் அசைவில்லை. அப்படி அசைந்திருந்தால் டர்போவுக்கும் சேர்த்து விலை பேசச் சொல்லியிருப்போம். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு மட்டும் இருந்தது. அது எந்த டர்போ வண்டியிலும் இருக்கும்; தேங்கி நின்றால்தான் கவலை. ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் இல்லை. டர்போ தப்பித்திருந்தது.

செயின் வேலையின் செலவை விற்பவர் விலையில் குறைத்துக்கொள்ள, வாடிக்கையாளர் வாங்கிவிட்டார். முன்பக்க மூடி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப் எல்லாம் இறங்க வேண்டியிருந்ததால் மூன்று நாள் ஆயிற்று. பெல்ட் வேலை என்றால் ஒரு நாளில் முடிந்திருக்கும். பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினோம். பழையது மூன்று நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்து தொங்கியது. சம்புக்குள் ஆயில் உறிஞ்சும் சல்லடை பாதி அடைத்திருந்தது. அதையும் டர்போவின் ஆயில் குழாயையும் சுத்தம் செய்தோம். இதைச் செய்யாமல் புது டர்போ மாட்டினால்கூட அது சீக்கிரமே போய்விடும். டர்போ மாற்றியது என்று பெருமையாகச் சொல்லி விற்கும் வண்டிகளில் அந்தக் குழாயும் மாறியதா என்று கேளுங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. இகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. நிறுவனம் சொன்ன தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து அதே சல்லடையை அடைக்கும். அந்த வண்டியில் எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதோடு எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதும் பில்லில் இருக்க வேண்டும்.

வண்டியின் பெயரை மட்டும் வைத்து பெல்ட்டா செயினா என்று முடிவு செய்யாதீர்கள். போலோவில் முதலில் வந்த 1.2 டர்போ பெட்ரோலுக்குச் செயின், பின்னால் வந்த 1.0 டர்போவுக்கு பெல்ட். பழைய டீசல் இன்னோவாவுக்கு பெல்ட், அதற்குப் பின் வந்த கிரிஸ்டாவுக்குச் செயின். ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் எந்த இன்ஜின் என்று பார்த்துச் சொல்கிறோம்.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் வண்டியை விட்டுவிடுங்கள், இருக்கும் பில் எல்லாவற்றோடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களும் கூட நிற்க வேண்டும். விற்பவர் ஓர் இரவு வண்டியை விட மறுத்தால், விடியற்காலையில் அவர் வீட்டுக்கே போய் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து